பாஸ்புக்கில் 236 ரூபாய்

மாதக்கணக்கில் மடித்து வைத்திருந்த பாஸ்புக்கை எடுத்துப்போய் என்ட்ரி போட்டால், நாம் எடுக்காத பணம் சில வரிகளில் கழிந்திருக்கும். ஒரு வரியில் `ATMCard AMC` என்று இருக்கும், எதிரே 236.00. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 17.70. எப்போதோ ஒரு 23.60, ஒரு 27.14. கவுன்டரில் கேட்டால், "அது சிஸ்டமே பிடிக்கிறதும்மா, சர்வீஸ் சார்ஜு" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. நாமும் நகர்ந்துவிடுகிறோம்.

தனித்தனியாகப் பார்த்தால் டீக்காசுதான். மொத்தமாக என்ன ஆகிறது என்பதற்கு நாடாளுமன்றத்திலேயே ஒரு கணக்கு சொல்லப்பட்டது. 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் எஸ்எம்எஸ் கட்டணமாக மட்டும் வசூலித்தது 6,254 கோடி ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசு பதில் அளித்தது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பிடித்தது 21,044 கோடி. இலவச வரம்புக்கு மேல் ஏடிஎம்மில் எடுத்ததற்கு 8,289 கோடி.

இவற்றில் பலவற்றை நிறுத்த முடியும். அதற்கு முன், பாஸ்புக்கில் இருக்கும் எந்த வரி கட்டணம், எது கட்டணம் இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வங்கிகளின் சுருக்கெழுத்து ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஆனால் எல்லா வங்கிக்கும் பொருந்தும் ஒரு சின்னக் கணக்கு உண்டு: பிடித்த தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்.

வங்கிச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வங்கி தன் கட்டணத்தை 200, 15, 20 என்று முழு எண்ணாகத்தான் வைக்கும், அதன் மேல் வரி ஏறும். ஆகவே 236-ஐ 1.18-ஆல் வகுத்தால் 200 வரும். அது கார்டின் ஆண்டுக் கட்டணம். 17.70-ஐ வகுத்தால் 15, பெரும்பாலும் ஒரு காலாண்டுக்கான எஸ்எம்எஸ் கட்டணம். 27.14 என்பது 23 ரூபாய், இலவச முறைகள் தீர்ந்த பிறகு ஏடிஎம்மில் எடுத்ததற்கானது. 23.60 என்றால் 20 ரூபாய். கணக்கில் போதிய பணம் இல்லாமல் ஏடிஎம்மில் முயன்று தோற்றதற்குச் சில வங்கிகள் வைத்திருக்கும் தண்டம். 295 வந்தால் 250 ரூபாய், தவணை நாளன்று பேலன்ஸ் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

வகுத்தும் முழு எண் வரவில்லையா? அது பெரும்பாலும் கட்டணம் இல்லை. மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிந்திருப்பதைக் காட்டி வங்கியோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. 20 ரூபாய் பிரதமரின் விபத்துக் காப்பீடு, 436 ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 2022 ஜூனுக்கு முன் அவை 12 ரூபாயும் 330 ரூபாயுமாக இருந்தன. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டை 'வங்கி பிடிக்கிற பணம்' என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு விலக்கு உண்டு: சில வங்கிகள் கட்டணத்தை ஒரு வரியிலும் வரியை அடுத்த வரியிலும் போடும். அப்படியானால் 15.00, அடுத்து 2.70 என்று நிற்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அங்கே பலருக்கும் இருப்பதுபோல அவருக்கும் மூன்று கணக்கு என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊரில் மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கு, பழைய கம்பெனி தொடங்கித்தந்த சம்பளக் கணக்கு, இப்போதைய கம்பெனியின் சம்பளக் கணக்கு. ஊர்க் கணக்கில் கார்டுக்கு 236, எஸ்எம்எஸ்ஸுக்கு நான்கு காலாண்டு சேர்த்து 70.80, மொத்தம் 306.80. பழைய கம்பெனிக் கணக்கில் சம்பளம் நின்று சில மாதம் ஆனதும் அது சத்தமில்லாமல் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. அதோடு சலுகையும் போய்விட்டது. கையில் இருப்பதோ அன்றைக்குக் கொடுத்த பிளாட்டினம் கார்டு. அதற்கு 325 ரூபாயும் வரியும் சேர்ந்து 383.50, எஸ்எம்எஸ் 70.80, ஆக 454.30. இப்போதைய கணக்கில் கார்டு இலவசம். ஆனால் இரண்டு முறை ஏடிஎம் வரம்பு தாண்டியதில் 54.28, ஒருமுறை பணமில்லாமல் முயன்றதில் 23.60, வண்டித் தவணை இரண்டு முறை திரும்பியதில் 590. எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 1,428 ரூபாய் 98 காசு. உரிமைத்தொகையில் ஏறத்தாழ ஒன்றரை மாதம்.

இந்த மூன்று கணக்குக்கும் மருந்து ஒன்றல்ல. பழைய கணக்கை மூடிவிடுவதே சரி. அதில் ஒரு கார்டைக் காப்பாற்றி ஒரு பயனும் இல்லை. மூடும்போது ஏற்கெனவே பாக்கி நிற்கும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கணக்கில் பணமே இல்லாதபோது கட்டணம் பிடிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும். பிறகு யாராவது 500 ரூபாய் அனுப்பினால் வந்த வேகத்தில் அது கரைந்துவிடும். 'பணம் போட்டேன், காணோம்' என்ற புகார்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான். மினிமம் பேலன்ஸ் தண்டத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டு நீங்கள் தொடாத கணக்கில் அந்தத் தண்டத்தையே போடக் கூடாது என்பது 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி.

இனி கார்டு. கட்டணங்களிலேயே நிறுத்த எளிதானதும், மக்கள் மிகவும் தயங்குவதும் இதைத்தான். பாரத ஸ்டேட் வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் கிளாசிக் வகைக் கார்டின் ஆண்டுக் கட்டணத்தை 125-லிருந்து 200 ஆக்கியது. பிளாட்டினத்துக்கு 250-லிருந்து 325. மற்ற வங்கிகளின் தொகை முன்பின்னாக இருக்கும். உங்கள் கார்டின் வகைப் பெயர் கார்டிலேயே அச்சாகியிருக்கும். வங்கியின் இணையதளத்தில் சேவைக் கட்டணப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே பாருங்கள். கார்டு தேவை, ஆனால் விமான நிலைய ஓய்வறை தேவையில்லை என்றால், அதே வங்கியின் மிகக் கீழ்வகைக் கார்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

கார்டே வேண்டாம் என்பவருக்கு விதி துணை நிற்கிறது. எந்த வாடிக்கையாளரையும் டெபிட் கார்டு வாங்கும்படி வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு எந்த வசதியோடும் அதை முடிச்சுப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கார்டு வழிகாட்டுதல் நேராகவே சொல்கிறது. இருந்தும் கவுன்டரில் பேச்சு இப்படித்தான் போகும்:

"கார்டு வேண்டாம் சார், கேன்சல் பண்ணிக் குடுங்க."

"கார்டு இல்லைன்னா ஜிபே வேலை செய்யாதும்மா. அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது."

அது உண்மையில்லை. ஏற்கெனவே யுபிஐ பின் வைத்திருப்பவருக்குக் கார்டு ரத்தானாலும் ஜிபே, போன்பே வழக்கம்போல ஓடும். பின்னை மறந்துவிட்டால்தான் புதிதாகப் பின் போட வேண்டியிருக்கும். அப்போதும் செயலி 'டெபிட் கார்டு' என்றும் 'ஆதார்' என்றும் இரண்டு வழி காட்டும். ஆதாரைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணின் ஆறு இலக்கங்களைக் கொடுத்தால் ஓடிபி வரும், பின் போட்டுவிடலாம். இதற்கு வங்கியில் கொடுத்த செல்பேசி எண்ணும் ஆதாரில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கோடு ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். சிக்கல் வருவது இங்கேதான். ஆதாரில் எப்போதோ கொடுத்த பழைய எண் கிடக்கும். ஆகவே கார்டை ரத்து செய்வதற்கு முன், செயலியில் 'பின் மாற்று' பகுதிக்குள் போய் உங்கள் வங்கிக்கு ஆதார் வழி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இணைய வங்கியின் கடவுச்சொல்லை மறந்தால் அதை மீட்கச் சில வங்கிகள் கார்டு எண்ணைக் கேட்கும். மாதச் சந்தாக்கள் ஏதாவது அந்தக் கார்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். ரொக்கம் எடுக்க இப்போது யுபிஐயில் கியூஆர் காட்டிப் பணம் தரும் ஏடிஎம்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஊர் ஏடிஎம்மில் அந்த வசதி இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் அதை நம்பிக் கார்டை விடாதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வயதானவருக்கு நான் கார்டை ரத்து செய்யச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பொருத்தமான வழி கீழே வருகிறது.

கார்டை 'ஆஃப்' செய்வதும் ரத்து செய்வதும் வேறு வேறு. செயலியில் ஏடிஎம், ஆன்லைன், வெளிநாடு என்று ஒவ்வொன்றையும் அணைக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது. அது பாதுகாப்புக்கானது. அணைத்து வைத்த கார்டும் உயிரோடுள்ள கார்டுதான், ஆண்டுக் கட்டணம் விழும். பிளாக் செய்தால் சில இடங்களில் மாற்றுக் கார்டு அச்சாகி வீட்டுக்கே வந்துவிடும், அதற்கும் தனிக் கட்டணம். ஆகவே கிளையில் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் நான்கு வரி எழுதிக் கொடுப்பது நல்லது. தமிழிலேயே எழுதலாம்:

"எனது சேமிப்புக் கணக்குடன் இணைந்துள்ள, கடைசி நான்கு இலக்கம் இன்னதென்று முடியும் டெபிட் கார்டு எனக்குத் தேவையில்லை. அதை நிரந்தரமாக ரத்து செய்து கணக்கிலிருந்து நீக்கவும். மாற்றுக் கார்டோ புதுப்பித்த கார்டோ அனுப்ப வேண்டாம். ரத்து செய்த தேதியைத் தெரிவிக்கவும்."

இரண்டு படி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கோடு வேறு பழைய கார்டு ஏதாவது இணைந்திருக்கிறதா என்று கேட்கவும் மறக்க வேண்டாம். புதுக் கார்டு வந்த பிறகும் பழையது நீக்கப்படாமல் இருந்து, இரண்டுக்கும் கட்டணம் விழுவது உண்டு. கடிதம் கொடுக்கும் நேரமும் முக்கியம். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் கார்டு கொடுத்த மாதத்தையொட்டி, வரப்போகும் ஆண்டுக்காக விழுகிறது. விழுந்த மறுவாரம் போய் ரத்து செய்தால் மீதி மாதங்களுக்குத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய பாஸ்புக்கில் அந்த வரி எந்த மாதத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.

எஸ்எம்எஸ் கட்டண விஷயத்தில் என் கருத்து சற்று வேறு. கட்டணத்தைக் கேள்வி கேளுங்கள்; செய்தியை நிறுத்தாதீர்கள். மின்னணுப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதே உத்தரவில்தான் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். நாள் தள்ளத் தள்ள உங்கள் பங்கு ஏறும். அந்த மூன்று நாள் ஓடத் தொடங்குவதே எஸ்எம்எஸ் வந்ததிலிருந்துதான். ஆண்டுக்கு 70 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதை இழக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை செய்தி வந்ததோ அத்தனைக்கு மட்டும்தானே கட்டணம்? 2013 நவம்பர் 26-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி அப்படித்தான் சொன்னது. உண்மையான பயன்பாட்டின் அடிப்படையில் வாங்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே தொகை என்று போடக் கூடாது என்பது அதன் சாரம். திருப்பூர்க்காரரின் ஊர்க் கணக்கில் மாதம் ஒரு வரவும் ஓரிரு எடுப்பும்தான். காலாண்டுக்குப் பத்துச் செய்தி. ஒன்றுக்கு 25 பைசா என்று வைத்தாலும் 2 ரூபாய் 50 காசு. 15 ரூபாய் ஆக வழியில்லை. கிளையில் இந்தச் சுற்றறிக்கையின் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். சில தனியார் வங்கிகளில் கட்டணத்துக்குரியவை நீங்களாகத் தேர்ந்தெடுத்த கூடுதல் செய்திகள் மட்டும்தான்: தினசரி பேலன்ஸ், வாராந்திர பேலன்ஸ் போன்றவை. இணைய வங்கியில் 'அலர்ட்' பகுதிக்குப் போய் அவற்றுக்கு எதிரே எஸ்எம்எஸ் டிக்கை எடுத்துவிட்டு மின்னஞ்சல் டிக்கை மட்டும் வைத்தால் போதும். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் கட்டணத்தையும் மினிமம் பேலன்ஸ் கட்டாயத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டது. 2025-இல் கனரா, இந்தியன் வங்கி உட்பட வேறு சில பொதுத்துறை வங்கிகளும் சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் தண்டத்தைக் கைவிட்டன.

ஊர்க் கணக்குக்கு இதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது. வங்கிகள் இதை விளம்பரப்படுத்துவதில்லை. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒரு வகை உண்டு. கிளையில் 'பிஎஸ்பிடி அக்கவுன்ட்' என்றால் புரியும். ஜன்தன் கணக்குகளும் இந்த வகைதான். மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஏடிஎம் கார்டு இலவசம், அதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதத்துக்குக் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஏழைகளுக்கு மட்டும்தான் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. இருக்கும் சாதாரணக் கணக்கையே இந்த வகைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர், உரிமைத்தொகையும் கேஸ் மானியமும் மட்டும் வரும் வீட்டம்மா, உதவித்தொகை வாங்கும் மாணவர் ஆகியோருக்கெல்லாம் இதுதான் பொருத்தம்.

கேட்டால், "அதுல 50,000-க்கு மேல வைக்க முடியாதுங்க" என்று ஒரு பதில் வரும். அது வேறு கணக்கு. முழு ஆவணம் இல்லாமல் தொடங்கும் 'சிறு கணக்கு'க்குத்தான் 50,000 ரூபாய் இருப்பு, மாதம் 10,000 எடுப்பு என்ற வரம்பெல்லாம். கேஒய்சி முழுதாக முடித்த அடிப்படைக் கணக்குக்கு அந்த வரம்பு பொருந்தாது. உண்மையான நிபந்தனை ஒன்று இருக்கிறது: அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது, இருந்தால் 30 நாளுக்குள் மூட வேண்டும். மாதத்துக்கு நான்கு எடுப்பு போதுமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். வாரச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை ரொக்கம் எடுப்பவருக்கு இது சரிவராது.

மீதமிருப்பது சம்பளக் கணக்கு. அதில் 590 ரூபாய் போனது வங்கியால் அல்ல, தேதியால். தவணை 5-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டுத் தவணைத் தேதியை 10-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே மாதத் தவணையை அவர்கள் இரண்டாம் முறை அனுப்பிப் பார்த்தால் வங்கி இரண்டாம் முறையும் 295 பிடிக்கும்; கடன் நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒன்று போடும். ஏடிஎம்மில் சொந்த வங்கியில் மாதம் ஐந்து முறை இலவசம். பிற வங்கி ஏடிஎம்மில் திருப்பூரில் ஐந்து, சென்னையில் மூன்றுதான். அங்கே பேலன்ஸ் பார்ப்பதும் ஒரு முறையாகவே எண்ணப்படும். எந்திரக் கோளாறால் பணம் வராதது கணக்கில் சேராது.

தவறாகப் பிடித்ததைத் திருப்பி வாங்க முடியுமா? முடியும், அதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. அடிப்படைக் கணக்குகளில் மாதம் நான்கைத் தாண்டிய யுபிஐ, ரூபே பரிவர்த்தனைக்குக்கூட வங்கிகள் கட்டணம் பிடித்துவந்தன. பம்பாய் ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதைத் தோண்டியெடுத்து எழுதினார். 2020 ஜனவரி 1-க்குப் பிறகு அப்படிப் பிடித்ததைத் திருப்பித் தரும்படி அந்த ஆகஸ்டிலேயே நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பிடித்த கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு பரிவர்த்தனைக்கு 17 ரூபாய் 70 காசு. எஸ்எம்எஸ் கட்டணமும் அதே தொகைதான் என்பதால், பாஸ்புக்கில் எது எது என்று யாருக்கும் எளிதில் தெரிந்திருக்காது. இன்றும் 17.70-ஐப் பார்த்தால் அருகில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள், காலாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறதா என்று எண்ணுங்கள்.

ரத்து செய்த கார்டுக்கு மறுபடி கட்டணம் விழுந்தால், முத்திரை வாங்கிய படியை இணைத்து முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். வங்கியிடம் கேட்காமல் நேராக அங்கே போகும் புகார்கள் திருப்பி அனுப்பப்படும். 236 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்கலாம். பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே கிளை மேலாளர் தொகையைத் திருப்பி வரவு வைத்துவிடுவார். புகார் எண் விழுந்த ஒன்றை அவரும் முப்பது நாள் மேசையில் வைத்திருக்க விரும்ப மாட்டார்.